ஈறில் ரத்தம் வந்தால் ஆயில் புல்லிங் போதுமா? எண்ணிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் முறை

பல் துலக்கித் துப்பும்போது நுரை இளஞ்சிவப்பாக வந்தால் பெரும்பாலானோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ரத்தம் வருகிற இடத்தில் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்கிறார்கள், அல்லது யாரோ சொன்ன கைவைத்தியத்தைத் தொடங்குகிறார்கள். முதல் வழி நிலைமையை மோசமாக்கும். இரண்டாவது வழியில் இப்போது எல்லாரும் சொல்வது, எண்ணெயை வாயில் வைத்துக் கொப்பளிக்கிற ஆயில் புல்லிங். அப்புறம் உப்புத் தண்ணீர், மஞ்சள், கிராம்பு எண்ணெய், கரித்தூள்.

இவற்றைப் பற்றி ஆய்வுகள் நிறையவே வந்திருக்கின்றன. அவை சொல்வதைக் கீழே பார்ப்போம். ஆனால் ஆய்வில் கலந்துகொண்டவர்களின் வாய் வேறு, உங்கள் வாய் வேறு. அதனால் உங்கள் ஈறில் பலன் தெரிகிறதா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க ஒரு கணக்கும் இதில் இருக்கிறது. பேப்பர், பேனா, பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் சின்ன பிரஷ் அல்லது ஃப்ளாஸ் நூல், ஒரு கண்ணாடி இருந்தால் போதும்.

ரத்தம் ஏன் வருகிறது

பல்லும் ஈறும் சேருகிற விளிம்பில் பாக்டீரியாக்கள் படலமாக ஒட்டிக்கொள்கின்றன. இதைத்தான் பிளாக் என்கிறார்கள். பாக்டீரியாக்கள் தாங்களே சுரக்கிற பசைக்குள் பதுங்கியிருக்கும் அடுக்கு இது. தண்ணீர்க் குடத்தின் உட்புறம் பிடிக்கிற வழுவழுப்பை நினைத்துக்கொள்ளுங்கள்: எவ்வளவு தண்ணீர் ஊற்றி ஆட்டினாலும் போகாது, கையை விட்டுத் தேய்த்தால் உடனே போய்விடும்.

இந்தப் படலம்தான் காரணம் என்பதை 1965-இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்பவரும் அவருடைய சகாக்களும் ஒரு துணிச்சலான பரிசோதனையில் காட்டினார்கள். ஆரோக்கியமான ஈறு உள்ள 12 பேரைப் பல் துலக்குவதை அடியோடு நிறுத்தச் சொன்னார்கள். 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் எல்லாருக்கும் ஈறு வீங்கிச் சிவந்தது. மறுபடியும் நன்றாகத் துலக்க ஆரம்பித்ததும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்கு வந்துவிட்டது. எந்த மருந்தும் கொடுக்கவில்லை. படலத்தை அகற்றியதுதான் வைத்தியம்.

இந்தப் பரிசோதனையிலிருந்து இரண்டு விஷயங்களை எடுத்துக்கொள்ளலாம். ஈறு வீக்கம் மட்டும் இருக்கிற நிலை முழுதாகத் திரும்பக்கூடியது. அது திரும்புவதற்கு மாதக்கணக்கில் ஆகாது, ஒன்றிரண்டு வாரத்திலேயே வித்தியாசம் தெரியும். ஆகவே ஒரு வைத்தியத்தை மூன்று மாதமாகச் செய்தும் அதே இடத்தில் ரத்தம் வருகிறதென்றால், ‘இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்’ என்பதில் அர்த்தமில்லை.

படலம் அகற்றப்படாமல் கிடந்தால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதில் படிந்து இறுகி, பற்காரையாகிவிடும். இறுகத் தொடங்கச் சில நாட்களே போதும். காரை ஆகிவிட்டதை எந்தப் பிரஷ்ஷும், எந்த எண்ணெயும் எடுக்காது. பல் மருத்துவர் கருவியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அதுவும் நடக்காமல் வருடங்கள் ஓடினால் சிலருக்கு அழற்சி உள்ளே இறங்கி, பல்லைத் தாங்குகிற எலும்பைக் கரைக்க ஆரம்பிக்கும். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே பை போன்ற இடைவெளி உண்டாகும். ஆரோக்கியமான ஈறில் இந்த இடைவெளி 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம்தான். 4, 5, 6 என்று ஏறினால் அது வேறு நோய். கரைந்த எலும்பு தானாக வளராது.

வாயில் எதைக் கொப்பளித்தாலும், அது எண்ணெயோ மூலிகை நீரோ கடையில் வாங்கிய மவுத்வாஷோ, இந்தப் பைக்குள் இறங்காது. ஈறின் விளிம்போடு நின்றுவிடும். வீட்டு வைத்தியங்களின் எல்லை எது என்பதற்கு இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்தால் போதும்.

படி 1: இது வீட்டில் பார்க்கிற பிரச்சினைதானா?

கண்ணாடி முன் நின்று உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறு விளிம்பு சிவந்து, கொஞ்சம் உப்பி, தொட்டால் ரத்தம் வருகிறது, வலி பெரிதாக இல்லை, பல் ஆடவில்லை என்றால் மேற்கொண்டு படிக்கலாம்.

பல் ஆடினாலோ, பற்களுக்கு நடுவே முன்பு இல்லாத இடைவெளி தெரிந்தாலோ, ஈறு இறங்கிப் பல் நீளமாகத் தெரிந்தாலோ, ஈறை அழுத்தினால் சீழ் வந்தாலோ இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், நேரே பல் மருத்துவரிடம் போங்கள். முகம் வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே போக வேண்டும். எதுவும் படாமலே ஈறிலிருந்து ரத்தம் கசிந்தாலோ, உடம்பில் காரணமில்லாமல் கன்றிப்போன திட்டுகள் வந்தாலோ ரத்தப் பரிசோதனை தேவைப்படலாம். அது ஈறோடு நிற்கிற விஷயமாக இருக்காது.

இன்னும் சிலருக்குத் தனிக் காரணம் இருக்கும். கர்ப்ப காலத்தில் ஹார்மோன் மாற்றத்தால், கொஞ்சம் படலம் இருந்தாலே ஈறு பலமாக வீங்கும். வலிப்புக்குத் தரும் ஃபெனிடோயின், ரத்த அழுத்தத்துக்குத் தரும் நிஃபெடிபின், அம்லோடிபின் போன்ற மருந்துகளால் சிலருக்கு ஈறு தடித்து வளரும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள். சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு ஈறு நோய் வேகமாக முற்றும். அவர்களும் முதலில் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

புகைபிடிப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. புகையால் ஈறில் ரத்தக் கசிவு குறைந்துவிடும். உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும், வெளியே ஈறு வெளிறி இறுக்கமாக, ‘நன்றாக’ இருப்பதுபோல் தெரியும். கீழே சொல்லப்போகிற கணக்கு அவர்களுக்குப் பொய் சொல்லும்.

படி 2: ரத்தம் வரும் இடுக்குகளை எண்ணுங்கள்

ஞானப் பற்களை விட்டுவிட்டால் பெரியவர்களுக்கு மேலே 14, கீழே 14 பல். ஒவ்வொரு வரிசையிலும் 13 இடுக்கு, மொத்தம் 26. ஈறு நோய் பெரும்பாலும் இந்த இடுக்குகளில்தான் தொடங்குகிறது. ஏனென்றால் சாதாரண பிரஷ்ஷின் நார் அங்கே சரியாகப் போவதில்லை. பல் மருத்துவ ஆய்வுகளிலும் இடுக்கில் மரக்குச்சியை மெதுவாக நுழைத்து, சில விநாடி காத்திருந்து, ரத்தம் வருகிறதா என்று பார்க்கிற முறை ஒன்று உண்டு. அதன் வீட்டு வடிவம்தான் இது.

ஒரு பேப்பரில் மேல் வரிசைக்கு 13 கட்டம், கீழ் வரிசைக்கு 13 கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். இரவில், பல் துலக்குவதற்கு முன்னால், இடுக்குப் பிரஷ்ஷை ஒவ்வொரு இடுக்கிலும் கிடைமட்டமாக நுழைத்து மெதுவாக இரண்டு மூன்று தடவை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். நுழையாத இறுக்கமான இடுக்கில் ஃப்ளாஸ் பயன்படுத்துங்கள். நாலைந்து இடுக்கு முடிந்ததும் ஒரு 15 விநாடி பொறுத்து, கண்ணாடியில் பாருங்கள். ரத்தப் புள்ளி தெரிந்த இடுக்குக்கு ஒரு பெருக்கல் குறி. எவ்வளவு ரத்தம் என்று அளக்க வேண்டாம். வந்ததா, இல்லையா என்பது மட்டும் போதும்.

ஈறைக் குத்திவிட்டால் ஆரோக்கியமான ஈறிலும் ரத்தம் வரும். அந்தக் கட்டத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆஸ்பிரின் அல்லது ரத்தம் உறையாமலிருக்க வேறு மாத்திரை எடுப்பவர்களுக்கு எண்ணிக்கை கொஞ்சம் கூடுதலாகவே வரும். அவர்கள் எண்ணிக்கையைவிட, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைப் பார்த்தால் போதும்.

எந்த வைத்தியமும் தொடங்காமல் ஒரு வாரம் கழித்து மறுபடி எண்ணுங்கள். இதைத்தான் பலரும் தவிர்த்துவிடுவார்கள், ஆனால் கணக்கின் உயிரே இதுதான். தங்களைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்ததுமே மனிதர்கள் பல்லை ஒழுங்காகத் துலக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆய்வுகளிலும் இதே தொல்லை உண்டு: எதையும் மாற்றாத குழுவினருக்கும் ஈறு கொஞ்சம் தேறிவிடும். ஒன்றுமே செய்யாமல் எண்ணிக்கை எவ்வளவு ஆடுகிறது என்று தெரிந்தால்தான், பிறகு வருகிற மாற்றம் எண்ணெயால் வந்ததா என்று சொல்ல முடியும்.

படி 3: ஆயில் புல்லிங்கைச் சரியாகச் செய்வது

ஆயுர்வேதத்தில் இதில் இரண்டு வகை உண்டு. வாய் நிறைய, அசைக்க இடமில்லாத அளவுக்கு வைத்திருப்பது கண்டூஷம். குறைவாக எடுத்துக் கொப்பளிப்பது கவளம். இன்று ஆயில் புல்லிங் என்று செய்யப்படுவது இரண்டாவதுதான். 

நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ எடுத்துக்கொள்ளுங்கள். ஈறைப் பொறுத்தவரை இதைவிட அது மேல் என்று சொல்லும் அளவுக்கு உறுதியான ஒப்பீடு இல்லை. தேங்காய் எண்ணெயின் கொழுப்பில் கிட்டத்தட்ட பாதி லாரிக் அமிலம் என்றும், அது பாக்டீரியாவைக் கொல்லும் என்றும் சொல்வார்கள். ஆய்வுக்கூடத்தில் தனியாகப் பிரித்த லாரிக் அமிலம் அப்படிச் செய்கிறது என்பது உண்மை. ஆனால் எண்ணெயில் அது தனியாக இல்லை, கொழுப்பு மூலக்கூறோடு பிணைந்திருக்கிறது.

காலையில் பல் துலக்கும் முன், வெறும் வயிற்றில், ஒரு மேசைக்கரண்டி, அதாவது சுமார் 15 மில்லி எடுத்துக்கொள்ளுங்கள். குமட்டினால் ஒரு தேக்கரண்டியிலிருந்து தொடங்கலாம். பற்களின் இடுக்கு வழியாக எண்ணெயை மெதுவாக இழுத்துத் தள்ளுங்கள். தாடை வலிக்கிறது என்றால் வேகம் அதிகம் என்று அர்த்தம். ஆய்வுகளில் பெரும்பாலும் 10 முதல் 20 நிமிடம் வரை செய்யச் சொல்லியிருக்கிறார்கள். எண்ணெய் எச்சிலோடு கலந்து நீர்த்து வெள்ளையாகும். அதைக் குப்பைத் தொட்டியில் துப்பி, தண்ணீரில் கொப்பளித்து, அப்புறம் வழக்கம்போல் ஃப்ளோரைடு பேஸ்ட்டில் பல் துலக்குங்கள். வாஷ்பேசினில் துப்பினால், தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைவது என்பதால், குழாய் அடைத்துக்கொள்ளும்.

அந்த வெள்ளை நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ‘உடம்பின் நச்செல்லாம் வெளியேறுகிறது பார்’ என்று அதைக் காட்டுபவர்கள் உண்டு. எண்ணெயையும் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் ஊற்றிக் குலுக்கினாலும் அதே வெள்ளைதான் வரும். சின்னச் சின்ன எண்ணெய்த் துளிகள் எச்சிலில் சிதறி ஒளியைத் தெறிப்பதால் வருகிற நிறம் அது. எச்சிலிலுள்ள காரத்தன்மையால் எண்ணெய் வாயிலேயே சோப்பாக மாறுகிறது என்பதும் அடிக்கடி கேட்கிற விளக்கம். எண்ணெயைச் சோப்பாக்க வலுவான காரம் தேவை. எச்சில் நடுநிலைக்கு அருகில் இருக்கிற திரவம். ரத்தத்தில் உள்ள நச்சை ஈறு வழியாக எண்ணெய் இழுக்கும், மூட்டுவலி போகும், சர்க்கரை குறையும் என்பதற்கெல்லாம் சான்று இல்லை. 1990-களில் கராச் என்ற உக்ரைன் மருத்துவரின் பெயரில் இது உலகம் முழுக்கப் பரவியபோது சேர்ந்துகொண்ட பட்டியல் பெரும்பாலும் இது.

ஆபத்து பெரிதாக இல்லை, ஆனால் ஒன்று உண்டு. எண்ணெய் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால், தண்ணீருக்கு வருவதுபோல் பலமான இருமல் எப்போதும் வராது. கொஞ்சம் கொஞ்சமாக நுரையீரலில் சேர்ந்து நிமோனியா உண்டாக்கும். ஆயில் புல்லிங் செய்தவர்களுக்கு இப்படி நிமோனியா திரும்பத் திரும்ப வந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. அதனால் தலையை அண்ணாந்து தொண்டையில் கரகரவென்று கொப்பளிக்க வேண்டாம். செய்யும்போது பேசவும் படுக்கவும் கூடாது. சிறு குழந்தைகளுக்கும், பக்கவாதம் போன்றவற்றால் விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கும் இது வேண்டவே வேண்டாம்.

ஆய்வுகளில் உண்மையில் என்ன இருக்கிறது

அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது 2009-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு. ஈறு வீக்கம் இருந்த 20 பையன்களில் பாதிப்பேர் நல்லெண்ணெயிலும், பாதிப்பேர் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மவுத்வாஷிலும் 10 நாள் கொப்பளித்தார்கள். இரண்டு குழுவிலும் படலமும் ஈறு வீக்கமும் குறைந்தன. இதிலிருந்துதான் ‘நல்லெண்ணெய் குளோர்ஹெக்சிடினுக்குச் சமம்’ என்ற வாசகம் கிளம்பியது. ஒரு குழுவில் 10 பேர்தான். அவ்வளவு சிறிய ஆய்வில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால், வித்தியாசம் இல்லை என்று ஆகிவிடாது, இருந்தாலும் பிடிபட்டிருக்காது.

2015-இல் வந்த தேங்காய் எண்ணெய் ஆய்வு இன்னொன்று. 16 முதல் 18 வயதுள்ள 60 பேர் 30 நாள் செய்தார்கள். ஏழாவது நாளிலிருந்தே முன்னேற்றம் தெரிந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு அதில் இல்லை. ஒரு வாரம் ஒன்றும் செய்யாமல் எண்ணச் சொன்னேனே, அந்தப் பிரச்சினைதான் இங்கே. ஆய்வில் சேர்ந்த உற்சாகத்தில் பிரஷ்ஷை ஒழுங்காகப் போட்டதாலும் அந்த முன்னேற்றம் வந்திருக்கலாம்.

சின்ன ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்புகள் இன்னும் பயனுள்ளவை. 2022-இல் 9 ஆய்வுகளைச் சேர்த்த ஒரு தொகுப்பில், எச்சிலில் இருந்த பாக்டீரியா எண்ணிக்கை குறைந்தது. ஆனால் படல அளவிலும் ஈறு வீக்கத்தின் அளவிலும் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. 2024-இல் வந்த பெரிய தொகுப்பில் 25 ஆய்வுகள், 1,184 பேர். குளோர்ஹெக்சிடின் அல்லாத மற்றக் கொப்பளிப்புகளோடு ஒப்பிட்டால் ஈறில் ஆயில் புல்லிங்குக்குச் சாதகமாக வந்தது. படலத்தைக் குறைப்பதில் குளோர்ஹெக்சிடின் முந்தியது. ஆனால் சான்றின் உறுதி மிகமிகக் குறைவு என்று அந்த ஆசிரியர்களே எழுதியிருக்கிறார்கள். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் இதைப் பரிந்துரைப்பதில்லை.

இதில் நான் முக்கியமாக நினைப்பது வேறொன்று. குளோர்ஹெக்சிடினுக்குச் சமம் என்றே வைத்துக்கொள்வோம். குளோர்ஹெக்சிடின் ஈறுக்கு எவ்வளவு செய்கிறது? மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடுகிற காக்ரேன் அமைப்பு 2017-இல் வெளியிட்ட தொகுப்பு 51 ஆய்வுகளைப் பார்த்தது. லேசான ஈறு வீக்கம் உள்ளவர்கள் நாலு முதல் ஆறு வாரம் பயன்படுத்தினால், 0-இலிருந்து 3 வரை போகும் அளவுகோலில் 0.21 குறைந்தது. படலம் நன்றாகவே குறைந்தது, ஆனால் ஈறில் வந்த இந்த மாற்றம் நோயாளிக்குத் தெரிகிற அளவுக்குப் பெரியதல்ல என்பது அவர்களின் முடிவு. போதாக்குறைக்கு அது பல்லில் பழுப்புக் கறை உண்டாக்கும், சுவை உணர்வைக் கொஞ்ச நாள் கெடுக்கும். ஆக, பந்தயத்தில் ஜெயித்த குதிரையே மெதுவாக ஓடுகிற குதிரை. அதற்கு இணையாக ஓடியது என்பது பெரிய பாராட்டு இல்லை.

என் கணிப்பு இதுதான்: பல் துலக்குவதோடு சேர்த்துச் செய்தால் ஆயில் புல்லிங் சிறிதளவு உதவக்கூடும். பல் துலக்குவதற்குப் பதிலாகச் செய்தால் நஷ்டம்.

மற்றவை: எது சரி, எது ஆகாது

வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் எனக்குப் பிடித்த கைவைத்தியம், அதற்கு யாரும் அதிசயம் கற்பிப்பதில்லை என்பதற்காகவே. ஒரு தம்ளர், அதாவது 250 மில்லி தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு. நாக்கில் லேசாகக் கரிக்க வேண்டும், எரியக் கூடாது. அரை நிமிடம் கொப்பளித்துத் துப்பலாம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை. புண்பட்ட ஈறுக்கு இதமாக இருக்கும், பல் பிடுங்கிய மறுநாளிலிருந்து செய்வதால் குழி ஆறுவதற்கும் உதவுகிறது. படலத்தைச் சுரண்டாது, காரையைக் கரைக்காது. அதே உப்பை விரலில் எடுத்து ஈறில் தேய்ப்பது வேறு கதை: பரல் பரலான உப்பு ஈறைக் கீறும், வருடக்கணக்கில் தேய்த்தால் ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும்.

மஞ்சளில் ஆய்வுகள் உண்டு. 2011-இல் 100 பேரை வைத்து மஞ்சள் மவுத்வாஷையும் குளோர்ஹெக்சிடினையும் 21 நாள் ஒப்பிட்டார்கள். ஈறு வீக்கத்தைக் குறைத்ததில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தன. படலத்தில் குளோர்ஹெக்சிடின் முந்தியது. ஆனால் ஆய்வுக்கென்று தயாரித்த மவுத்வாஷும் சமையல் மஞ்சள்தூளும் ஒன்றல்ல. தூளில், மஞ்சளின் முக்கியப் பொருளான குர்குமின் சில சதவீதம்தான், அதுவும் தண்ணீரில் சரியாகக் கரையாது. மஞ்சள் தண்ணீர் கொப்பளிப்பதால் கெடுதல் இல்லை. அந்த ஆய்வின் பலனை எதிர்பார்க்க முடியாது.

கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜெனால் மரத்துப்போகச் செய்யும். பல்வலிக்கு ஓர் இரவு தள்ள உதவலாம். ஈறு நோய்க்கு அது மருந்தல்ல. கலக்காமல் நேரடியாக வைத்தால் ஈறு வெந்து வெள்ளையாக உரியும். குழந்தைகள் அதை விழுங்கினால் கல்லீரலையே பாதிக்கும். பச்சைப் பூண்டை நசுக்கி வைப்பதும், ஆஸ்பிரின் மாத்திரையை ஈறின் மேல் வைப்பதும் இதே போலப் புண்ணாக்கும். எலுமிச்சைச் சாறு எனாமலை அரிக்கும்.

கரித்தூளால் ஈறு தேறும் என்பதற்குச் சான்றில்லை. 2017-இல் வந்த ஒரு மதிப்பாய்வும் அது பாதுகாப்பானது, பலனுள்ளது என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்றே முடித்தது. தூள் ஈறின் விளிம்புக்குள் போய்க் கறுப்புக் கோடாகத் தங்கிவிடுவதும் உண்டு. சமையல் சோடா மட்டும் கொஞ்சம் வித்தியாசம்: அது கலந்த பேஸ்ட்களுக்கு ஓரளவு ஆதரவான சான்று இருக்கிறது, உராய்வும் குறைவு. ஆனால் தனித் தூளாகத் தேய்த்தால் ஃப்ளோரைடு கிடைக்காது.

படி 4: இடுக்கைச் சுத்தம் செய்வது

பிரஷ் மென்மையான நார் உள்ளதாக இருக்கட்டும். நாரின் முனை பல்லும் ஈறும் சேரும் விளிம்பில், ஈறை நோக்கி 45 டிகிரி சாய்ந்து நிற்க வேண்டும். அதே இடத்தில் சின்னதாக அசைத்துவிட்டு அடுத்த இரண்டு மூன்று பல்லுக்கு நகருங்கள். மொத்தம் இரண்டு நிமிடம். கீழ் முன்பற்களின் உட்புறத்துக்குப் பிரஷ்ஷைச் செங்குத்தாகப் பிடித்தால்தான் எட்டும். பெரும்பாலானோர் விட்டுவிடுகிற இடம் அது. நாக்குக்கு அடியில் எச்சில் சுரப்பி திறப்பதும் அங்கேதான், அதனால் காரை சீக்கிரம் சேரும்.

ஒரு நாளைக்கு ஒருமுறை, இரவில், இடுக்குப் பிரஷ். நுழையும்போது லேசான இறுக்கம் தெரிய வேண்டும். கம்பி பல்லில் உரசினால் அளவு பெரிது, ஒன்றுமே படாமல் போய் வந்தால் சிறிது. ஒரே வாய்க்கு இரண்டு அளவு தேவைப்படுவது சகஜம். அது நுழையாத இடத்தில் ஃப்ளாஸ்: நூலைப் பல்லைச் சுற்றி வளைத்து, ஈறுக்குள் கொஞ்சம் இறக்கி, மேலே இழுக்கவும், பிறகு பக்கத்துப் பல்லுக்கும் அப்படியே. 2019-இன் காக்ரேன் தொகுப்பு, இப்படி இடுக்கைச் சுத்தம் செய்வது வெறும் பல் துலக்குவதைவிட ஈறு வீக்கத்தைக் குறைக்கலாம் என்றும், இடுக்குப் பிரஷ் ஃப்ளாஸைவிட மேலாக இருக்கலாம் என்றும் சொல்கிறது. இங்கேயும் சான்றின் உறுதி குறைவுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் படலத்தை அகற்றினால் ஈறு தேறும் என்ற அடிப்படை 1965-லிருந்து நிலைத்து நிற்கிறது.

முதல் சில நாள் ரத்தம் கூடுதலாகவே வரும். நிறுத்த வேண்டாம்.

ஒருவருடைய கணக்கு

இதெல்லாம் எப்படிப் பொருந்தும் என்று பார்க்க ஒரு மாதிரிக் கணக்கு. வயது 38, புகைப்பழக்கம் இல்லை, வேறு மருந்தில்லை, ஒரு நாளைக்கு இருமுறை பல் துலக்குபவர் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் எண்ணிக்கையில் 26-இல் 12 இடுக்கில் ரத்தம். ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எண்ணினால் 11. ஆக, ஒன்றிரண்டு இடுக்கு கூடுவதும் குறைவதும் இவருக்குச் சாதாரணம். அடுத்து இரண்டு வாரம் தினமும் நல்லெண்ணெய், மற்றதெல்லாம் பழையபடி. இந்த நாட்களில் இடுக்குப் பிரஷ்ஷை எண்ணுகிற அன்றைக்கு மட்டும் எடுத்தார். தினமும் எடுத்தால் எண்ணெயின் பலனும் பிரஷ்ஷின் பலனும் கலந்துவிடும். எண்ணினால் 9. காலையில் வாய் நன்றாக இருக்கிறது, வாடை குறைந்தது என்றும் அவருக்குத் தோன்றுகிறது. 11-லிருந்து 9 என்பது அந்தச் சாதாரண ஆட்டத்துக்குள்ளேயே கிட்டத்தட்ட அடங்கிவிடுகிறது. கொஞ்சம் உதவியிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது.

அப்புறம் எண்ணெயை நிறுத்திவிட்டு, இரண்டு வாரம் தினமும் இடுக்குப் பிரஷ். எண்ணிக்கை 4. இது ஆட்டமல்ல. எண்ணிக்கையைவிட, அந்த 4 எங்கே இருக்கிறது என்பது இன்னும் அதிகம் சொல்கிறது: மூன்று இடுக்கு கீழ் முன்பற்களின் நடுவே, பக்கத்துப் பக்கத்தில். நாலாவது மேல் வலது கடைவாய்ப் பற்களுக்கு நடுவே.

கீழ் முன்பற்களின் உட்புறத்தை விரல் நுனியால் தடவினால் சொரசொரவென்று, மஞ்சள் விளிம்பு. அது காரை. பல் மருத்துவரிடம் ஸ்கேலிங் செய்தபின் அந்த மூன்றும் அடுத்த எண்ணிக்கையில் நின்றுவிடுகின்றன. ஸ்கேலிங்குக்குப் பின் பல்லிடையே சந்து தெரியும், சில நாள் கூச்சமும் இருக்கும். ‘பல்லைத் தேய்த்துவிட்டார்கள்’ என்று பலர் பயப்படுவார்கள். காரை அடைத்திருந்த இடமும், வீங்கியிருந்த ஈறு வற்றிய இடமும்தான் அந்தச் சந்து.

கடைவாயில் நின்ற ஒன்று மட்டும் வேறு மாதிரி. மருத்துவர் அளவுக்கோலை ஈறுக்குள் விட்டுப் பார்த்தபோது மற்ற இடமெல்லாம் 2, 3. அங்கே மட்டும் 5 மில்லிமீட்டர். எக்ஸ்ரேயில் எலும்பு கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அங்கே ஈறுக்கு அடியில், மரத்துப்போக ஊசி போட்டு, வேரின் மேல் படிந்ததைச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து மறுபடி அளப்பார்கள். 4-க்கோ 3-க்கோ வந்திருந்தால் இடுக்குப் பிரஷ்ஷோடு பராமரித்துக்கொள்ளலாம். 5-லேயே நின்று ரத்தமும் வந்தால் அடுத்த கட்டச் சிகிச்சை பற்றிப் பேசுவார்கள். நல்லெண்ணெய் பிடித்திருந்தால் அவர் காலையில் தொடரலாம், பல் துலக்குவதற்கு முன்னால். அந்த 5 மில்லிமீட்டர் பைக்குள் அது போகாது என்பது தெரிந்திருந்தால் சரி.